7:30 பேஸ் என்றால் ட்ரெட்மில்லில் எந்த எண்ணை வைப்பது?

"ஓடத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. என் பயிற்சி அட்டவணையில் 'ஒரு கிலோமீட்டருக்கு 7:30' என்று போட்டிருக்கிறது. ஜிம் ட்ரெட்மில்லில் 5.0, 6.0, 7.0 என்றுதான் எண்கள் வருகின்றன. 60-ஐ 7.30-ஆல் வகுத்தேன், 8.2 வந்தது. நண்பர் 8 தான் என்கிறார். எது சரி?"

உங்கள் நண்பர் சொன்ன 8.0 சரி. நீங்கள் போட்ட வகுத்தலும் சரியான வகுத்தல்தான். தவறு கால்குலேட்டரில் 7.30 என்று அடித்த இடத்தில் இருக்கிறது. 7:30 என்பதில் நடுவில் இருப்பது முக்காற்புள்ளி. அது 7 நிமிடம் 30 விநாடி. ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி என்பதால் 30 விநாடி அரை நிமிடம், அதாவது 0.5. ஆகவே வகுக்க வேண்டிய எண் 7.5. 60 ÷ 7.5 = 8. நீங்கள் அடித்த 7.30 என்பது 7 நிமிடம் 18 விநாடி. விடையாக வந்த 8.2-ஐ அப்படியே ட்ரெட்மில்லில் வைத்தால் உண்மையில் ஒரு கிலோமீட்டரை 7:19-இல் ஓடுவீர்கள். கிலோமீட்டருக்கு 11 விநாடி கூடுதல் வேகம். மூன்று வாரப் பழக்கத்தில் இருப்பவருக்கு இது முதல் 5 நிமிடத்தில் தெரியாது, 20-ஆவது நிமிடத்தில் மூச்சில் தெரியும்.

இந்தப் பிழை எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை, அதனால்தான் பலருக்கு இது கண்ணில் படாமலே போகிறது. 7:05-ஐ 7.05 என்று அடித்தால் 2 விநாடிதான் தவறும், யாருக்கும் தெரியாது. 7:50-ஐ 7.50 என்று அடித்தால் கால்குலேட்டர் அதை 7 நிமிடம் 30 விநாடி என்று எடுத்துக்கொள்ளும். 20 விநாடி போய்விட்டது. விநாடி 60-ஐ நெருங்க நெருங்கப் பிழையும் பெருகும். அதுவும் எப்போதும் ஒரே திசையில்தான், உங்களை வேகமாக ஓட வைக்கும் திசையில். இன்னொரு வகைப் பிழையும் உண்டு: 7:05-ஐ அவசரத்தில் 7.5 என்று அடித்துவிடுவது. அது மட்டும் எதிர்த்திசையில் இழுக்கும், 25 விநாடி மெதுவாக்கிவிடும்.

இதிலெல்லாம் சிக்காமல் இருக்க, நிமிடத்தை விட்டுவிட்டு முழுவதையும் விநாடியாக்கிக்கொள்ளுங்கள். 7:30 என்றால் 7 × 60 = 420, அதோடு 30, மொத்தம் 450 விநாடி. ஒரு மணி நேரத்தில் 3600 விநாடி. 3600 ÷ 450 = 8. தசமப் புள்ளி நுழையவே இடமில்லாததால் இந்த வழியில் தப்பு வர வாய்ப்பு குறைவு. 8:20 வேண்டுமா? 500 விநாடி, 3600 ÷ 500 = 7.2. அவ்வளவுதான்.

ஏன் பெருக்காமல் வகுக்கிறோம் என்பது மனதில் பதிந்துவிட்டால் சூத்திரத்தை நினைவில் வைக்க வேண்டியதே இல்லை. காய்கறிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். தக்காளி கிலோ 20 ரூபாய் என்றால் 100 ரூபாய்க்கு 5 கிலோ வரும். கிலோ 25 ரூபாய் ஆனால் 4 கிலோதான். பேஸ் என்பது ஒரு கிலோமீட்டரின் விலை, அந்த விலையை நிமிடத்தில் கொடுக்கிறோம். ட்ரெட்மில் காட்டும் வேகம், கையில் இருக்கும் 60 நிமிடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் வாங்கலாம் என்ற கணக்கு. விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும். அதனால்தான் பேஸ் எண் பெரிதானால் ட்ரெட்மில் எண் சிறிதாகிறது. புதிதாக ஓடுபவர்கள் அட்டவணையில் 7:30-இலிருந்து 7:00-க்கு மாறும்போது, எண் குறைகிறதே என்று ட்ரெட்மில்லிலும் குறைத்துவிடுவது இந்த ஒன்று புரியாததால்தான்.

இந்த விலைக் கணக்கில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. ட்ரெட்மில்லில் கூட்டல் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலும் 0.1 ஏறும். அந்த 0.1 எல்லா வேகத்திலும் ஒரே மதிப்பு அல்ல. 6.0-இலிருந்து 6.1-க்குப் போனால் பேஸ் 10:00-இலிருந்து 9:50 ஆகிறது, கிட்டத்தட்ட 10 விநாடி. 8.0-இலிருந்து 8.1-க்குப் போனால் 7:30 என்பது 7:24 ஆகிறது, 6 விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. 10.0-இலிருந்து 10.1 என்றால் வெறும் 4 விநாடி. ஆகவே "ஒரு அழுத்துக்கு இத்தனை விநாடி" என்று பொதுவான விதி வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் நீங்கள் இப்போது ஓடும் 8-ஐச் சுற்றிய பகுதிக்கு மட்டும் ஒரு அழுத்து சுமார் 6 விநாடி என்று வைத்துக்கொண்டால் போதுமான அளவு சரியாக வரும்.

அதை வைத்து மனக்கணக்காகவே போடலாம். நான்கே நான்கு ஜோடிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 10:00-க்கு 6, 7:30-க்கு 8, 6:40-க்கு 9, 6:00-க்கு 10. நான்கும் மிச்சமில்லாமல் வகுபடுபவை. அடுத்த வாரம் அட்டவணையில் 7:50 வந்தால், 7:30-ஐ விட 20 விநாடி மெதுவு. ஒரு அழுத்துக்கு 6 விநாடி என்றால் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே அழுத்த வேண்டும். 8.0-இலிருந்து இறங்கினால் 7.7-க்கும் 7.6-க்கும் நடுவே வந்து நிற்கும். கால்குலேட்டரில் 3600 ÷ 470 போட்டால் 7.66. ட்ரெட்மில் 7.66-ஐ ஏற்காது, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடக்கநிலையில் கீழே இருக்கும் 7.6-ஐ வையுங்கள் என்பது என் கருத்து. அது 7:54 பேஸ், கேட்டதை விட 4 விநாடி மெதுவு. அந்த 4 விநாடியால் பயிற்சியில் ஒன்றும் இழப்பில்லை.

திரும்பும் வழியில், அதாவது ட்ரெட்மில் எண்ணிலிருந்து பேஸைக் கண்டுபிடிக்கும்போதும் அதே புள்ளிக் குழப்பம் காத்திருக்கிறது. 7.7-இல் ஓடினீர்கள் என்றால் 60 ÷ 7.7 = 7.79. இதை "7 நிமிடம் 79 விநாடி" என்று படிக்க முடியாது, அப்படி ஒரு நேரமே கிடையாது. அதைப் பார்த்தவுடனே உஷாராகிவிடலாம். ஆனால் 8.5-இல் ஓடினால் விடை 7.06 வரும், அது 7:06 போலவே தோற்றம் காட்டி ஏமாற்றும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: புள்ளிக்கு முன்னால் இருப்பதை நிமிடமாக வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் பகுதியை மட்டும் 60-ஆல் பெருக்குங்கள். 0.79 × 60 = 47, ஆக 7:47. 0.06 × 60 ஏறக்குறைய 4, ஆக 7:04.

ஓட்டக் குறிப்பை கூகுள் ஷீட்ஸிலோ எக்செலிலோ எழுதி வைப்பவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை. கட்டத்தில் 7:30 என்று மட்டும் அடித்தால் அது 7 மணி 30 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். 0:07:30 என்று முழுதாக அடியுங்கள். நேரத்தை அது ஒரு நாளின் பின்னமாகச் சேமிப்பதால் 24-ஆல் பெருக்கி மணியாக்க வேண்டும். A2 கட்டத்தில் பேஸ் இருந்தால் வேகத்துக்கு இது போதும்:

```
=1/(A2*24)
```

8 என்று வர வேண்டும். 0.13 என்று வந்தால் பேஸ் மணிக்கணக்கில் பதிவாகிவிட்டது என்று பொருள். விடை எண்ணாக வராமல் நேரம் போலத் தெரிந்தால், அந்தக் கட்டத்தின் வடிவத்தை 'எண்' என்று மாற்றிவிடுங்கள்.

கணக்கு இத்தோடு முடிந்தது, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் நீங்கள் வைக்கும் 8.0 உண்மையிலேயே மணிக்கு 8 கிலோமீட்டர்தானா என்பது கணக்கு சொல்லாத விஷயம். அதில் முதலில் பார்க்க வேண்டியது அலகு. சில ட்ரெட்மில்கள் மைலில் ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கும். திரையில் ஓரமாக `MPH` என்று சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். மைல் அமைப்பில் 8 வைத்தால் மணிக்கு 12.9 கிலோமீட்டர் வேகத்தில் பெல்ட் ஓடும், பேஸ் 4:40. மூன்று வார ஓட்டக்காரருக்கு அது ஆபத்தான வேகம். திரையில் காட்டும் தூரத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள், முடியாது. 6-இல் 10 நிமிடம் ஓடினால் இரண்டு அமைப்பிலும் 1.00 என்றுதான் காட்டும். ஒன்று கிலோமீட்டர், மற்றது மைல். நடந்து பார்ப்பதுதான் எளிய சோதனை. 4.0 வையுங்கள். கிலோமீட்டர் என்றால் கடைத்தெருவில் நடப்பது போல நிதானமான நடை. மைல் என்றால் அது மணிக்கு 6.4 கிலோமீட்டர், பஸ்ஸைப் பிடிக்க விரையும் நடை, பலருக்குக் கால் தானாக ஓட்டத்துக்கு மாறத் துடிக்கும். இரண்டுக்கும் குழப்பமே வராது.

அலகு சரியாக இருந்தும் பெல்ட் மெதுவாகவோ வேகமாகவோ ஓடலாம். பெல்ட் தளர்ந்தோ, அடியில் உராய்வு கூடியோ இருந்தால், ஆள் ஏறி ஓடும்போது பெல்ட் தடுமாறும். திரை மட்டும் 8.0 என்றே காட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் ட்ரெட்மில் இருந்தால் நீங்களே அளந்து பார்க்கலாம், ஜிம்மில் என்றால் அங்கு இருப்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து டேப்பால் அளந்துகொண்டே பெல்ட்டைக் கையால் நகர்த்தி, கோடு திரும்ப வரும் வரை மொத்த நீளத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இணைப்புக் கொடுத்து 8.0-இல் ஒருவர் ஓட வேண்டும், இன்னொருவர் கோடு தெரியும்படி செல்போனில் வீடியோ எடுக்க வேண்டும். வெறும் பெல்ட்டை ஓடவிட்டு அளந்தால் பயனில்லை, உராய்வின் பாதிப்பு எடை ஏறினால்தான் வெளியே வரும். கோடு 50 முறை சுற்றிவர எத்தனை விநாடி ஆனது என்று வீடியோவில் எண்ணுங்கள். முதலில் கோடு தெரியும் நொடியைப் பூஜ்ஜியம் என்று வைத்து எண்ணுங்கள், இல்லாவிட்டால் ஒரு சுற்று கூடிவிடும்.

எடுத்துக்காட்டாக பெல்ட்டின் முழு நீளம் 2.80 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 சுற்று என்றால் 140 மீட்டர். மணிக்கு 8 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 2.22 மீட்டர், ஆக 63 விநாடி ஆக வேண்டும். உங்கள் வீடியோவில் 66 விநாடி ஆனால், 140 ÷ 66 × 3.6 = 7.64. திரை 8.0 காட்டும்போது நீங்கள் ஓடுவது 7.64 என்ற வேகத்தில், பேஸ் 7:51. திரையை நம்பி 7:30 ஓடுகிறேன் என்று நினைத்தவர் வெளியே ஓடும்போது 20 விநாடி பின்தங்குவார், தன் உடம்பைக் குறை சொல்லிக்கொள்வார். குறை பெல்ட்டில். 1 விநாடி முன்பின் இருந்தால் விட்டுவிடலாம், அது எண்ணுவதில் வரும் பிழையாகவும் இருக்கலாம்.

உங்கள் அட்டவணை ஓட்டமும் நடையும் மாறி மாறி வரும் வகை என்றால் சராசரியிலும் கவனம் வேண்டும். 30 நிமிடத்தில் தொடக்கத்திலும் முடிவிலும் 3 நிமிடம் நடை, நடுவில் 1 நிமிடம் ஓட்டம் 2 நிமிடம் நடை என 8 சுற்று என்று எடுத்துக்கொள்வோம். ஓட்டம் 8.0-இல் மொத்தம் 8 நிமிடம், நடை 5.0-இல் மொத்தம் 22 நிமிடம். ஓட்டத்தில் வரும் தூரம் 1.07 கிலோமீட்டர், நடையில் 1.83. மொத்தம் 2.90 கிலோமீட்டர். 30-ஐ 2.90-ஆல் வகுத்தால் சராசரி பேஸ் 10:21. இதையே 7:30, 12:00 என்ற இரண்டு பேஸையும் நிமிடக் கணக்கில் சராசரி எடுத்தால் 10:48 என்று வரும், அது தவறு. விலைகளைச் சராசரி செய்யக் கூடாது. வாங்கிய மொத்தக் கிலோமீட்டரைக் கூட்டி, செலவான மொத்த நிமிடத்தை அதனால் வகுக்க வேண்டும். வேகங்களை மட்டும் நேரக் கணக்கில் சராசரி எடுத்தால் தவறாது: 5.8 வரும், 60 ÷ 5.8 அதே 10:21.

அந்த 1 நிமிட ஓட்டத்திலேயே இன்னொரு இழப்பும் இருக்கிறது. 5.0-இலிருந்து 8.0-க்குப் பொத்தானை அழுத்தியதும் பெல்ட் உடனே 8-க்குப் போகாது, சில விநாடிகள் எடுத்து ஏறும். 10 விநாடி எடுக்கிறது என்றால் நீங்கள் 7:30 பேஸில் ஓடுவது 50 விநாடிதான். முன்கூட்டியே அழுத்திவிட்டு, வேகம் 8.0-ஐத் தொட்டதும் நிமிடத்தை எண்ணத் தொடங்குங்கள். இறங்கும்போதும் அதே நேரம் எடுக்கும் என்பதால் மொத்தத் தூரத்தில் பெரிய வேறுபாடு வராது.

சாய்வை 1 சதவீதம் வைத்தால்தான் வெளியே ஓடுவதற்குச் சமம் என்று ஜிம்மில் யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சின் தொடக்கம் 1996-இல் ஆண்ட்ரூ ஜோன்ஸும் ஜொனாதன் டவுஸ்ட்டும் வெளியிட்ட ஆய்வு. ட்ரெட்மில்லில் எதிர்காற்றின் தடை இல்லாததை 1 சதவீதச் சாய்வு ஈடுசெய்கிறது என்று அவர்கள் கண்டார்கள். ஆனால் அவர்கள் சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள், வேகம் மணிக்கு 10.5 முதல் 18 கிலோமீட்டர் வரை. உங்கள் 8.0 அந்த வரம்புக்குக் கீழே இருக்கிறது. வேகம் குறையக் காற்றுத் தடையும் வெகுவாகக் குறையும் என்பதால், 8-இல் அந்த ஒரு சதவீதம் அவசியம் என்று சொல்ல அந்த ஆய்வு ஆதாரம் ஆகாது. சாய்வை 0-இலேயே விட்டுவிடுங்கள். வைத்தாலும் மாற்றுக் கணக்கு மாறாது. 8.0 அப்போதும் 7:30 தான், உழைப்புதான் கூடும்.

கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தால் அதுவும் ஒரு பேஸ் காட்டும், ட்ரெட்மில்லோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது. நீங்கள் ஒரே இடத்தில் இருப்பதால் ஜிபிஎஸ் அங்கே உதவாது. கை வீச்சை வைத்துத்தான் வாட்ச் தூரத்தை ஊகிக்கிறது. முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் கை அசையாது, வாட்ச் காட்டும் தூரம் குறைந்துவிடும். இரண்டும் முரண்பட்டால், பெல்ட்டை அளந்து பார்த்த ட்ரெட்மில்லை நம்புங்கள். அளக்காத ட்ரெட்மில், ஊகிக்கும் வாட்ச் என்ற நிலையில் எது சரி என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஒரே ட்ரெட்மில்லில் தொடர்ந்து ஓடி, அதன் எண்ணை அதன் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுவது அப்போது நியாயமான வழி.

7:30 என்ற பேஸ் உங்களுக்குச் சரியானதுதானா என்பதை எந்த வகுத்தலும் சொல்லாது. அட்டவணையில் அது மெதுவான ஓட்டத்துக்கென்று குறிக்கப்பட்டிருந்தால், 8.0-இல் ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேசிப் பாருங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தால் 7.5-க்கு, அதாவது 8:00 பேஸுக்கு இறக்குங்கள். அங்கும் முடியவில்லை என்றால் 7.2, அது 8:20. வேகத்தை மாற்றும்போது பாதுகாப்புக் கிளிப் சட்டையில் மாட்டியிருக்கட்டும்.